திரை பூட்டினால் பாட்டு நிற்கிறது: மாமாவின் நெக்பேண்டும் பேட்டரி சேவரும்

பாட்டு நின்றால் போனை எடுத்து மறுபடி போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றும். சாரத்தில் நின்று பட்டி பார்க்கிற ஆளுக்கு அது நடக்காது. கையெல்லாம் பட்டி. துணியைத் தேடித் துடைத்து, பையிலிருந்து போனை எடுத்து, ரேகை ஒத்துக்கொள்ளாமல் எண்ணை அழுத்தித் திறந்து பாட்டைப் போட்டு உள்ளே வைப்பதற்குள் கலக்கி வைத்த பட்டி இறுகத் தொடங்கிவிடும். என் மாமா பெயின்டர். மதுரையைச் சுற்றிப் புதிதாகக் கட்டும் வீடுகளில்தான் பெரும்பாலும் வேலை. போன வாரம் நெக்பேண்டையும் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "மாப்ள, இந்த நெக்பேண்டு மட்டம்டா. போனைப் பூட்டுனா பாட்டு போயிருது. வேற ஒண்ணு நல்லதா பாத்துச் சொல்லு" என்றார்.

நெக்பேண்டின் மேல் தவறு இல்லை என்பது முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் வேலை நீண்டது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவதைச் சரிசெய்தபோது பாட்டு முன்பைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடிப் பிறகு நின்றது. பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் "இந்த வழி வேலை செய்யவில்லை" என்று கைவிட்டுவிடுவார்கள். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மாமாவுக்கு ஒரு நிபந்தனை இருந்தது. பேட்டரி சேவரை அணைக்கக் கூடாது. போன் பழசு, பேட்டரி தளர்ந்துவிட்டது. புதுக்கட்டடத்தில் பல நாள் மின் இணைப்பே இருக்காது, இருந்தாலும் அந்த ஒரே பிளக்கில் மேஸ்திரியின் மெஷின் ஓடும். காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே சேவரைப் போட்டுவிடுவார், சாயங்காலம்வரை சார்ஜ் நிற்க வேண்டும். இணையத்தில் முதலில் கிடைக்கும் ஆலோசனை "பேட்டரி சேவரை ஆஃப் செய்யுங்கள்" என்பதுதான். அவருக்கு அது பயன்படாது. சேவர் போட்டபடியே இருக்க, பாட்டு போடும் செயலியை மட்டும் அது தொடாமல் விட வேண்டும்.

முதலில் யார் குற்றவாளி என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு செட்டிங்கையும் தொடத் தேவையில்லை. நெக்பேண்டை அணைத்துவிட்டு, போனின் ஸ்பீக்கரிலேயே பாட்டைப் போட்டுத் திரையைப் பூட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஸ்பீக்கரிலும் நின்றது. ப்ளூடூத்துக்கு இதில் சம்பந்தமில்லை என்பது அத்தோடு முடிவானது. ஸ்பீக்கரில் நிற்காமல் ஓடி, ப்ளூடூத்தில் மட்டும் நின்றால்தான் நெக்பேண்டைச் சந்தேகிக்க வேண்டும். இணைப்பு அறுந்தால் பெரும்பாலான நெக்பேண்டுகள் ஒரு ஒலியோ, "டிஸ்கனெக்டட்" என்ற குரலோ கொடுக்கும். மாமாவிடம் கேட்டபோது, "அப்படி ஒண்ணும் சொல்லல, சும்மா அமைதியாப் போயிரும்" என்றார். அதுவும் ஒத்துப்போனது.

அடுத்து, பாட்டு நின்றதும் போனைத் திறக்காமல் பூட்டிய திரையை மட்டும் எழுப்பிப் பார்த்தேன். இதைவிட நல்ல சோதனை வேறு கிடையாது, பலர் இதைச் செய்வதே இல்லை. பாட்டு ஓடும்போது பூட்டுத் திரையில் பாட்டின் பெயரும் நிறுத்தும் பட்டனுமாக ஒரு பெட்டி தெரியும் அல்லவா, பாட்டு நின்றபின் அந்தப் பெட்டி என்ன நிலையில் இருக்கிறது என்பது பாதிக் கதையைச் சொல்லிவிடும். பெட்டி அப்படியே இருந்து "ஓடிக்கொண்டிருக்கிறது" என்று காட்டியும் சத்தம் வராவிட்டால், செயலி உயிரோடிருக்கிறது, அதற்குப் பாட்டு வந்து சேரவில்லை. ஸ்ட்ரீமிங் செயலியில் டேட்டா சேவர் குறுக்கே வரும்போது இப்படி ஆகும். பெரும்பாலும் ஒரு பாட்டு முழுதாக முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் நிற்கும். பெட்டி இருந்து "நிறுத்தப்பட்டது" என்று காட்டினால் யாரோ நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். வேறு செயலி ஒன்று ஒலியைப் பிடித்துக்கொண்டிருக்கலாம், காதிலிருந்து கழற்றினால் நிறுத்தும் வகை ஹெட்போன் என்றால் அதுவே கட்டளை அனுப்பியிருக்கலாம். பெட்டியே காணாமல் போயிருந்தால் செயலியை யாரோ கொன்றுவிட்டார்கள்.

மாமா போனில் பெட்டி இல்லை. நெக்பேண்டில் பிளே பட்டனை அமுக்கினேன், அதற்கும் பதில் இல்லை. செயலி வெறுமனே ஓய்வில் இருந்தால் ஹெட்போன் பட்டனைத் தட்டினால் பெரும்பாலும் மறுபடி பாட ஆரம்பிக்கும், கடைசியாகப் பாடிய செயலியைத்தான் ஆண்ட்ராய்டு எழுப்பப் பார்க்கும். அதற்கும் எழவில்லை என்றால், செட்டிங்ஸில் போய் "Force stop" அமுக்கியதுபோல முழுமையாக நிறுத்தியிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்தை ஒரு பக்கம் வைத்துக்கொண்டேன்.

யூடியூப்பின் இலவசப் பதிப்பில் பாட்டு கேட்டு, திரை பூட்டியதும் நிற்கிறது என்று பேட்டரி செட்டிங்கில் தேடுபவர்கள் தேட வேண்டாம். பின்னணியில் ஓடுவது அங்கே கட்டண வசதி. மாமா கேட்பது மெமரி கார்டில் ஏற்றி வைத்த பாட்டுகள், செயலி விஎல்சி. நெட் வேண்டாம், விளம்பரம் இல்லை. சோதனைக்கு இதைவிட எளிய நிலைமை கிடைக்காது.

திரை அணைந்தபின் ஒரு செயலி பாடிக்கொண்டே இருப்பது எப்படி என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இது தெரியாவிட்டால் பின்னால் வரும் செட்டிங்குகள் எல்லாம் மந்திரம்போலத் தோன்றும். திரையில் தெரியாத செயலியை ஆண்ட்ராய்டு கொஞ்ச நேரத்தில் ஓரங்கட்டிவிடும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-லிருந்து இது கண்டிப்பாகவே நடக்கிறது. பாட்டுச் செயலி மாதிரி உண்மையிலேயே ஓட வேண்டியவை "நான் வேலையில் இருக்கிறேன், பயனருக்கும் அது தெரியும்" என்று பதிவு செய்துகொள்ள வேண்டும். இதை ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் என்பார்கள். பூட்டுத் திரையில் தெரியும் அந்தப் பாட்டுப் பெட்டிதான் இந்தப் பதிவின் அடையாளச் சீட்டு. ஒழுங்காக எழுதிய எந்தப் பிளேயரும் இதைச் செய்யும், ஆண்ட்ராய்டின் சொந்த பேட்டரி சேவரும் இந்தச் சீட்டை மதிக்கும். எனவே நல்ல பிளேயர் ஒன்று நின்றால், சீட்டை யாரோ பிடுங்கியிருக்க வேண்டும், அல்லது சீட்டைப் பார்க்காத வேறு காவலாளி ஒருவர் அந்த போனில் இருக்க வேண்டும். மாமா போனில் இரண்டுமே நடந்திருந்தது.

டோஸ் என்றொரு வசதியும் உண்டு, 2015-இல் ஆண்ட்ராய்டு 6-உடன் வந்தது. போன் அசையாமல் கிடந்தால் ஆழ்ந்த தூக்கத்துக்குப் போகும். எல்லாப் பழியையும் இதன் மேல் போடுவது வழக்கம். ஆனால் ஆழ்ந்த டோஸுக்குப் போக, போன் அரை மணி நேரத்துக்கு மேல் அசையாமல் இருக்க வேண்டும். மாமாவின் போன் சட்டைப் பையில், சாரத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பாட்டோ சில நிமிடத்திலேயே நிற்கிறது. கணக்கு பொருந்தவில்லை, டோஸை விட்டுவிட்டேன்.

இனி கம்ப்யூட்டர் வேண்டும். டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யூஎஸ்பி டீபக்கிங்கை இயக்கி, கேபிள் போட்டு, கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் adb என்ற கருவியை இயக்கினேன். இதில் ஒரு பொறி இருக்கிறது. கேபிள் செருகியதும் போன் சார்ஜ் ஆகத் தொடங்கும், சார்ஜ் ஆகும்போது பேட்டரி சேவர் தானாக அணைந்துவிடும். பாட்டு அருமையாக ஓடும். "என்னிடம் வந்தால் சரியாக ஓடுகிறது" என்று கடைக்காரர் திருப்பிக் கொடுப்பதன் ரகசியமும் பல சமயம் இதுவாக இருக்கும், கடையில் போன் சார்ஜரில்தானே கிடக்கிறது. கேபிள் இருக்கும்போதே சார்ஜர் இல்லை என்று போனை நம்பவைக்கவும், முடிந்ததும் பழைய நிலைக்குத் திரும்பவும் கட்டளைகள் உண்டு:

```
adb shell dumpsys battery unplug
adb shell settings put global low_power 1
adb shell dumpsys battery reset
```

முதல் இரண்டும் சோதனைக்கு முன், மூன்றாவது சோதனைக்குப் பின். மூன்றாவதை மறந்தால் சார்ஜர் போட்டாலும் போன் ஏறுவதாகக் காட்டாது, போனுக்குச் சொந்தக்காரர் பதறிப்போவார். ஆனால் தயாரிப்பாளர்கள் சொந்தமாகச் சேர்த்த காவலாளிகள் இந்த நாடகத்தை நம்புவார்களா என்பது போனுக்குப் போன் மாறும். அதனால் நான் எளிய வழியைத்தான் எடுத்தேன். கேபிளைக் கழற்றிவிட்டு, சேவரைப் போட்டு, பாட்டைப் போட்டு, திரையைப் பூட்டிப் பையில் வைத்துக்கொண்டு மாடிக்கும் தெருவுக்குமாக நடந்தேன். பாட்டு நின்றபிறகு கேபிளைச் செருகி, செத்தது எப்படி என்று போனிடமே கேட்டேன். ஆண்ட்ராய்டு 11-லிருந்து ஒவ்வொரு செயலியும் கடைசியாக ஏன் மூடப்பட்டது என்பதை போன் குறித்து வைத்திருக்கிறது, நடக்கும்போது பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை:

```
adb shell dumpsys activity exit-info org.videolan.vlc
```

கடைசியில் இருப்பது விஎல்சியின் உள்பெயர். உங்கள் செயலி வேறு என்றால், பிளே ஸ்டோரின் இணையப் பக்கத்தில் அந்தச் செயலியைத் திறந்து, முகவரிப் பட்டையில் `id=` என்பதற்குப் பின்னால் வருவதை எழுதுங்கள். பதிலாக நீளமாக வரும். நமக்கு வேண்டியது மேலே இருக்கும் முதல் பதிவு, அதிலும் சில சொற்கள் மட்டும். மாமா போனில் வந்ததைச் சுருக்கித் தருகிறேன்:

```
reason=13 (OTHER KILLS BY SYSTEM)
importance=400
description=cached idle & background restricted
```

மூன்றாவது வரி எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. "பின்னணியில் ஓடத் தடை செய்யப்பட்ட செயலி, சும்மா கிடந்தது, மூடினேன்" என்கிறது சிஸ்டம். சும்மா கிடந்ததா? பாடிக்கொண்டல்லவா இருந்தது? இரண்டாவது வரியில் விடை இருக்கிறது. பாடிக்கொண்டிருக்கும் செயலியின் முக்கியத்துவம் 125 என்று இருக்க வேண்டும், அதுதான் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸுக்கான எண். 400 என்றால் யாருக்கும் தேவையில்லாமல் நினைவகத்தில் கிடப்பது. இந்தக் கணக்கில் எண் கூடக்கூட மதிப்புக் குறையும். சாவதற்கு முன்பே சீட்டு பிடுங்கப்பட்டிருக்கிறது. யார் தடை போட்டது என்று அடுத்த கேள்வி:

```
adb shell cmd appops get org.videolan.vlc RUN_ANY_IN_BACKGROUND
```

பதில் `ignore` என்று வந்தது. `allow` என்றோ, எதுவும் பதிவில்லை என்றோ வந்திருக்க வேண்டும். `ignore` என்றால் யாரோ இந்தச் செயலியின் பேட்டரி அமைப்பில் `Restricted` என்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அப்படித் தேர்ந்தெடுத்த செயலி பின்னணிக்குப் போனதும், அதன் ஃபோர்கிரவுண்ட் சர்வீஸும் அந்தத் தகுதியை இழந்துவிடும். திரை பூட்டுவதும் பின்னணிக்குப் போவதுதான்.

"நான் எங்கடா அதையெல்லாம் தொட்டேன்" என்றார் மாமா. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஒரு நா என்னமோ கேட்டுச்சு. இந்த ஆப்பு கரண்டத் திங்குது, நிறுத்தவான்னு. சரின்னு அமுக்குனேன்" என்றார். நாள் முழுக்கப் பாடும் செயலி பேட்டரிப் பட்டியலில் மேலே வராமல் என்ன செய்யும். ஒன்பது மணி நேரம் ஓடியது என்று பார்க்கிறது, அந்த ஒன்பது மணி நேரமும் மனிதர் கேட்டுக்கொண்டிருந்தார் என்று போனுக்குத் தெரியாது. இந்த அறிவிப்புக்குச் "சரி" என்று அமுக்கியவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

சரிசெய்தது இப்படி. பூட்டுத் திரையில் அல்ல, முகப்பில் செயலியின் படத்தை அழுத்திப் பிடித்து, `App info` போய், பேட்டரி என்ற வரியைத் தட்டினால் மூன்று தேர்வுகள் வரும்: `Unrestricted`, `Optimized`, `Restricted`. ஆண்ட்ராய்டு 12-லிருந்து இப்படி மூன்றாக இருக்கிறது, சில தயாரிப்பாளர்கள் பெயரை மாற்றி வைத்திருப்பார்கள். பல போன்களில் நடுவில் உள்ளதே போதும். மாமாவின் போனில் சேவர் எப்போதும் போட்டே இருப்பதால் முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். சேவர், டோஸ் இரண்டின் விலக்குப் பட்டியலிலும் செயலி சேர்ந்துவிடும். சேர்ந்ததா என்பதையும் சரிபார்க்கலாம்:

```
adb shell "dumpsys deviceidle whitelist | grep vlc"
adb shell am get-standby-bucket org.videolan.vlc
```

முதலாவதில் `user,` என்று தொடங்கும் ஒரு வரி வர வேண்டும். இரண்டாவதில் ஒரு எண் வரும். 5 என்றால் முழு விலக்கு. 10 என்றால் இப்போது பயன்பாட்டில் உள்ளது, அதுவும் நல்லதே. 40, 45 என்று வந்தால் அடிக்கடி பயன்படுத்தாத செயலி என்று போன் ஒதுக்கி வைத்திருக்கிறது. நமக்கு 5 வந்தது. கேபிளைக் கழற்றி, சேவரைப் போட்டு, மறுபடி நடை.

இந்த முறை பாட்டு வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டியது. ஒரு பாட்டு முடிந்து, அடுத்தது முடிந்து, மூன்றாவதின் சரணத்தில் நின்றது. பெட்டி மறுபடியும் காணோம், நெக்பேண்டுப் பட்டனுக்கும் பதில் இல்லை. மாமாவின் முகத்தில் "நான்தான் சொன்னேனே, நெக்பேண்டு மட்டம்" என்ற வெற்றி தெரிந்தது. கேபிளைச் செருகி அதே கேள்வியைக் கேட்டேன். முதல் பதிவு மாறியிருந்தது:

```
reason=10 (USER REQUESTED)
importance=125
```

முக்கியத்துவம் இப்போது 125. அதாவது சீட்டு கையில் இருந்தது, பாடிக்கொண்டிருந்தபோதே கொன்றிருக்கிறார்கள். காரணம் "பயனர் கேட்டார்" என்கிறது. போன் பையில் இருந்தது, பயனர் தெருவில் நடந்துகொண்டிருந்தார், அவர் எதையும் கேட்கவில்லை. செயலியை முழுமையாக நிறுத்தும் உரிமை பெற்ற வேறொரு செயலி அந்தப் பட்டனை அமுக்கினாலும் போன் இதே காரணத்தைத்தான் எழுதும். ஆக, இது ஆண்ட்ராய்டின் பேட்டரி சேவர் இல்லை. போனைத் தயாரித்தவர் கூடுதலாக வைத்திருக்கும் காவலாளி. நெக்பேண்டுப் பட்டனுக்குப் பதில் வராததும் இத்தோடு பொருந்தியது.

இத்தகைய காவலாளிகள் பல நிறுவனங்களின் போன்களில் இருக்கிறார்கள், ஒவ்வொன்றிலும் பெயர் வேறு, ஒளிந்திருக்கும் இடமும் வேறு. எந்த போனில் எங்கே தேடுவது என்பதைத் தயாரிப்பாளர் வாரியாகத் தொகுத்து `dontkillmyapp.com` என்ற தளத்தில் வைத்திருக்கிறார்கள். அலாரம் செயலி எழுதும் குழு ஒன்று, தங்கள் அலாரமே அடிக்காமல் போகிறதே என்ற எரிச்சலில் தொடங்கியது அது. சாம்சங்கில் `Sleeping apps`, `Deep sleeping apps` என்று பட்டியல்கள் இருக்கும், பிளேயர் அதில் இருந்தால் எடுத்துவிட்டு `Never sleeping apps` பட்டியலில் சேர்க்க வேண்டும். சியோமி வகையில் ஒவ்வொரு செயலிக்கும் `No restrictions` என்ற தேர்வும், தனியாக `Autostart` அனுமதியும் உண்டு. ஆண்ட்ராய்டின் `Unrestricted` ஒரு பட்டியல், தயாரிப்பாளரின் விலக்கு இன்னொரு பட்டியல். ஒன்றில் சேர்த்தால் மற்றதில் சேர்ந்துவிடும் என்று நம்பக்கூடாது. முதல் திருத்தத்துக்குப் பிறகும் பாட்டு நின்றது இதனால்தான்.

மாமா போனில் காவலாளி இருந்த இடம் பேட்டரி பக்கத்தில் இல்லை. கூடவே வந்த "பாதுகாப்பு" செயலிக்குள், பேட்டரிப் பகுதியில், மேல்மூலைப் பல்சக்கரத்தைத் தட்டினால் வரும் பக்கத்தில் இருந்தது. திரை பூட்டி இத்தனை நிமிடத்தில் நினைவகத்தைச் சுத்தம் செய் என்று ஒரு வரி, அதில் பத்து நிமிடம் என்று தேர்வாகியிருந்தது. மூன்றாவது பாட்டின் சரணத்தில் நின்றதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் தேவையில்லை. செய்யக்கூடியவை இரண்டு இருந்தன. அதை `Never` என்று மாற்றலாம். பிளேயருக்கு அந்தச் செயலியின் சொந்தப் பேட்டரிப் பட்டியலிலும் தடையில்லா நிலையைக் கொடுக்கலாம்.

இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றாமல், முதலில் சுத்தம் செய்யும் வரியை மட்டும் மாற்றிச் சோதித்தேன். பாட்டு முக்கால் மணி நேரத்துக்கு மேல் நிற்காமல் ஓடியது. பிறகு அதைப் பழையபடி வைத்து, பட்டியல் விலக்கை மட்டும் கொடுத்துப் பார்த்தேன், அப்போதும் ஓடியது. அதாவது இந்த போனில் விலக்கு பெற்ற செயலியைச் சுத்தம் செய்யும் வேலை தொடுவதில்லை. எனவே சுத்தம் செய்வதைப் பத்து நிமிடத்திலேயே விட்டுவிட்டு விலக்கை மட்டும் வைத்துக்கொண்டோம். மற்ற செயலிகள் பூட்டியபின் மூடப்படுவது மாமாவின் சார்ஜுக்கு நல்லதுதான். இணையத்தில் கிடைக்கும் நீளமான பட்டியலை மேலிருந்து கீழ்வரை செய்து முடித்திருந்தால் பாட்டு ஓடியிருக்கும், ஆனால் எது வேலை செய்தது என்று தெரியாமல் சேவரின் பாதி வேலையையும் அணைத்திருப்போம்.

இன்னொரு சிறு விஷயம் மிச்சமிருந்தது. மாமாவுக்குப் பாட்டைப் போட்டதும், அண்மைச் செயலிகள் பக்கத்தைத் திறந்து எல்லாவற்றையும் துடைத்துத் தள்ளும் பழக்கம். "நிறைய ஓடுனா போன் சூடாகும்ல" என்பார். அப்படித் தள்ளும்போது சில பிளேயர்கள் தாமே நின்றுகொள்ளும், சில போன்களில் அப்படித் தள்ளுவதே முழு நிறுத்தமாக ஆகிவிடும். பல போன்களில் அந்தப் பக்கத்தில் செயலியின் அட்டையை அழுத்திப் பிடித்தால் பூட்டுப் படம் வரும். அதைப் போட்டுவிட்டால் "எல்லாம் மூடு" என்று அமுக்கினாலும் அந்த ஒன்று தப்பிக்கும். மாமாவின் பழக்கத்தை மாற்றுவதைவிட இது எளிது, போட்டுக் கொடுத்தேன். இந்தப் பூட்டு மட்டும் போட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். மாமா போனில் முதல் காரணத்துக்கு எதிராக இதனால் ஒன்றும் ஆகியிருக்காது, `Restricted` போட்ட செயலியைச் சிஸ்டமே மூடுகிறது, துடைத்துத் தள்ளி அல்ல.

"சார்ஜு இதால சீக்கிரம் தீருமா?" என்பதுதான் அவருடைய அடுத்த கேள்வி, நியாயமான கேள்வி. விலக்கு கொடுப்பதால் ஒரு செயலி கூடுதலாக எதையும் செய்யப்போவதில்லை, செய்யும் வேலையை நடுவில் நிறுத்துவதில்லை என்று மட்டும்தான் பொருள். பாட்டு ஓடாதபோது மெமரி கார்டுப் பாட்டுகளைப் போடும் பிளேயருக்குப் பின்னணியில் பெரிதாக வேலை கிடையாது. இதே விலக்கை அரட்டைச் செயலிக்கோ கடைச் செயலிக்கோ கொடுத்தால் கதை வேறு, அவை நெட்டைத் தேடிக்கொண்டே இருக்கும். பழைய நிலையில் ஒவ்வொரு முறை நின்றபோதும் அவர் திரையை எழுப்பி, திறந்து, தேடிப் போட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் திரையின் வெளிச்சம் முழுதாக ஏறும், அதற்கு ஆகும் செலவு சின்னதல்ல. மூன்றாம் நாள் சாயங்காலம் போன் செய்தபோது கேட்டேன், "முன்ன மாதிரிதான் நிக்குது, கொறையல" என்றார். அளவுகோல் வைத்து அளந்த கணக்கல்ல இது, ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு இது போதும்.

எதிர்பார்க்கக் கூடாதவையும் உண்டு. சேவரைத் தாண்டி "அல்ட்ரா" அல்லது "அதிகபட்சச் சேமிப்பு" என்று ஒரு நிலை பல போன்களில் இருக்கிறது. திரை கறுப்பாகி, நாலைந்து செயலிகள் மட்டும் தெரியும். அந்த நிலையில் மேலே செய்த விலக்குகளை நம்ப முடியாது, தெரியும் செயலிகளில் பிளேயரையும் சேர்க்க இடமிருந்தால் சேர்க்கலாம், இல்லாவிட்டால் பாட்டில்லை. செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் விலக்கு போய்விடும், மறுபடி கொடுக்க வேண்டும். போனின் மென்பொருள் பெரிதாகப் புதுப்பிக்கப்பட்ட பிறகும் தயாரிப்பாளரின் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மறுபடி பேட்டரி அறிவிப்பு வந்தால் அந்தப் பிளேயருக்கு மட்டும் "வேண்டாம்" என்று சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

கம்ப்யூட்டர் இல்லாதவர்களும் இதைச் செய்யலாம். நின்ற கணத்தில் பூட்டுத் திரையில் பெட்டி இருக்கிறதா என்று பார்ப்பதும், நின்ற நேரத்தைக் கவனிப்பதும் போதும். பூட்டிய ஓரிரு நிமிடத்தில் பெட்டியோடு போனால் செயலியின் பேட்டரித் தேர்வை முதலில் பாருங்கள். ஐந்து, பத்து, முப்பது என்று முழு நிமிடக் கணக்கில் பெட்டியோடு போனால், தயாரிப்பாளரின் பாதுகாப்புச் செயலியிலோ போன் மேலாளர் செயலியிலோ பூட்டியபின் சுத்தம் செய்யும் வரியைத் தேடுங்கள். தனியாக ஏற்றிய "கிளீனர்", "பூஸ்டர்" செயலி ஏதாவது இருந்தால் எல்லாவற்றுக்கும் முன் அதை நீக்குங்கள், அதன் வேலையே மற்றவற்றைக் கொல்வதுதான். சோதனை எதுவானாலும் சார்ஜரைக் கழற்றிவிட்டுச் செய்ய வேண்டும், சேவர் போட்டிருக்க வேண்டும், போன் அவர் வைக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

நெக்பேண்டு புதிதாக வாங்கவில்லை. இப்போது மாமாவின் புதுக் குறை, மேஸ்திரி கூப்பிட்டால் காதில் விழவில்லை என்பது. அதற்கு பேட்டரி செட்டிங்கில் மருந்து இல்லை, ஒரு பக்கக் காதைக் கழற்றிவிட்டு வேலை பாருங்கள் என்றேன்.